தனியாக இருக்கும் அம்மாவுக்கு மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதித் தருவது எப்படி?

கேள்வி: “அம்மாவுக்கு 76 வயது. பெரம்பூரில் தனியாக இருக்கிறார், தமிழ் மட்டும்தான் படிப்பார். நான் புனேயில் இருக்கிறேன். டாக்டர் எழுதிய சீட்டு இது: தைராக்சின் 50 ஓ.டி. ஏ.சி., கிளிமிபிரைடு 1 ஓ.டி. ஏ.சி., மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 பி.டி. பி.சி., டெல்மிசார்டான் 40 ஓ.டி., கால்சியம் ஓ.டி., அடோர்வாஸ்டாடின் 10 எச்.எஸ்., வைட்டமின் டி 60,000 வாரம் ஒன்று 8 வாரம், பாராசிட்டமால் 650 எஸ்.ஓ.எஸ். இந்த எழுத்துகளுக்குச் சரியான தமிழ் என்ன? எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறேன். அவர் காலை 5.30-க்குக் காபி குடிப்பார், 10 மணிக்குச் சாப்பாடு, 3 மணிக்கு டிபன், இரவு 8 மணிக்கு இரண்டு இட்லி.”

கடைசி வரியில் அம்மாவின் சாப்பாட்டு நேரத்தையும் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. பலர் அதை விட்டுவிடுவார்கள். எழுத்துகளுக்குத் தமிழ் சொல்வது ஐந்து நிமிட வேலை. அந்த நேரங்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் உங்கள் சீட்டில் ஓர் ஆபத்தான இடம் தெரிகிறது. நான் மருந்தாளுநர். முதலில் ஒரு தனியார் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தேன், இப்போது மேற்கு மாம்பலத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சீட்டுகளைப் படித்து, பெரியவர்களுக்குக் கவரில் எழுதிக் கொடுத்துவருகிறேன்.

எழுத்துகளை முதலில் முடித்துவிடுவோம். இவை லத்தீன் சொற்களின் சுருக்கம், பொருளில் சந்தேகம் எதுவும் இல்லை. ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை. பி.டி. இரண்டு முறை, டி.டி.எஸ். மூன்று முறை, க்யூ.ஐ.டி. நான்கு முறை. ஏ.சி. என்றால் உணவுக்கு முன், பி.சி. என்றால் உணவுக்குப் பின். எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். சில டாக்டர்கள் 1-0-1 என்று எண்ணில் எழுதுவார்கள். நம் ஊரில் அது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. மெட்ஃபார்மினுக்குப் பக்கத்தில் உள்ள எஸ்.ஆர். மட்டும் வேறு வகை. அது எப்போது சாப்பிட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை, மாத்திரை எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. மெதுவாகக் கரையும் மாத்திரை என்று பொருள், அதனால் உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. மருந்துப் பெயரோடு ஒட்டிவரும் எழுத்துகளை இப்படித் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரையின் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஏ.எம். என்று இருந்தால் அது காலை நேரத்தைக் குறிப்பதில்லை, அம்லோடிபின் என்ற இன்னொரு மருந்தும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கண் சொட்டு மருந்துச் சீட்டில் ஓ.டி. என்று வந்தால் அது வலது கண்ணாகவும் இருக்கலாம், அங்கே ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த ஆபத்தான இடம். உங்கள் சீட்டில் தைராக்சினுக்கும் ஓ.டி. ஏ.சி., கிளிமிபிரைடுக்கும் ஓ.டி. ஏ.சி. எழுத்துக்கு எழுத்து தமிழாக்கினால் இரண்டுக்கும் ஒரே வரிதான் வரும்: “தினம் ஒரு முறை, உணவுக்கு முன் 1”. பெரும்பாலானவர்கள் அதை “காலை வெறும் வயிற்றில் 1” என்று எழுதுவார்கள். அம்மா என்ன செய்வார்? விடிகாலை எழுந்ததும் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார். தைராக்சினுக்கு அது மிகச் சரி. கிளிமிபிரைடோ கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. அது வயிற்றுக்குள் போனால் பின்னாலேயே சாப்பாடு வந்தாக வேண்டும். அம்மா முந்தின இரவு 8 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டவர், விடிகாலை 5 மணிக்கு இந்த மாத்திரை, அரை டம்ளர் காபி, அடுத்த சாப்பாடு 10 மணிக்கு. நடுவில் சர்க்கரை இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலை சுற்றல், பேச்சில் குழப்பம் என்று வரும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் கவனிப்பார். தனியாக இருப்பவர் சமையலறையில் விழுந்துவிட்டால் பால்காரர் மணி அடிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

எனவே சீட்டில் ஒரே மாதிரி இருக்கும் இந்த இரண்டு ஏ.சி.களையும் தமிழில் வேறு வேறாக எழுத வேண்டும். தைராக்சினின் ஏ.சி. என்றால் வயிறு காலியாக இருக்கும்போது, தண்ணீரோடு, அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபிகூட இல்லாமல். கிளிமிபிரைடின் ஏ.சி. என்றால் தட்டு போட்ட பிறகு, முதல் கவளத்துக்குச் சற்று முன்னால். நாளின் முதல் பெரிய சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடும் மாத்திரை அது. உங்கள் அம்மாவுக்கு அந்தச் சாப்பாடு காலை 10 மணிச் சாப்பாடுதான். வாயுவுக்குத் தரும் பாண்டோபிரசோல் போன்ற மாத்திரை பிறகு சேர்ந்தால் அதற்கும் ஏ.சி. என்றே எழுதியிருப்பார்கள். அது மூன்றாவது வகை, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். இவற்றில் எது எந்த மருந்துக்கு என்பது அந்த எழுத்தில் இல்லை, மருந்துக்குள் இருக்கிறது. அதனால்தான் “சுருக்கெழுத்துக்குத் தமிழ்” என்று ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சீட்டை மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்கிறேன்.

சொற்களிலும் நம் மொழிக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. “சாப்பாடு” என்றால் பல வீடுகளில் சோறு மட்டும்தான். காலை இட்லி டிபன், அது சாப்பாடு ஆகாது. “சாப்பாட்டுக்கு முன்” என்று நான் கவரில் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காலை எட்டு மணி இட்லியை விட்டுவிட்டு மதியச் சோற்றுக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். தவறு என்னுடையதுதான். அவர் வீட்டுப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ்: காலையில் சாப்பாடு, பிற்பகலில் டிபன். ஆகவே “காலை, மதியம், இரவு” என்ற மூன்று கட்டமே அம்மாவின் நாளுக்குப் பொருந்தாது. “10 மணிச் சாப்பாடு”, “ராத்திரி இட்லி” என்று அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். “வெறும் வயிறு” என்பதும் அப்படித்தான். காபி குடித்தாலும் வயிறு வெறும் வயிறுதான் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். “காபிக்கும் முன்னால்” என்று சொன்னால்தான் புரியும்.

“முன்”, “பின்” என்ற இரண்டு சொற்களையும் நான் பெரியவர்களுக்கு எழுதும் தாளில் தவிர்த்துவிடுகிறேன். கண் புரை உள்ளவர்களுக்கு, மங்கலான டியூப் லைட் வெளிச்சத்தில், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதற்குப் பதிலாகச் செயலை வரிசையாக எழுதிவிடலாம்: “மாத்திரை போடவும். ஒரு மணி நேரம் கழித்துக் காபி.” “சாப்பிட்டுக் கை கழுவியதும் மாத்திரை.” இதில் ஓர் எழுத்து மங்கினாலும் பொருள் மாறாது. அதேபோல் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று வந்தால் எழுத்தோடு ஒரு வட்டம் வரைந்து அதில் எவ்வளவு பாகம் என்று கறுப்பாக்கிக் காட்டுங்கள். “காலை” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் “கால்” என்று எழுதினால் குழப்பத்தை நாமே உண்டாக்குகிறோம். உங்கள் சீட்டில் பாதி மாத்திரை எதுவும் இல்லை, நல்லது.

அடுத்தது ஓ.டி. ஒரு முறை என்று சொல்கிறதே தவிர எப்போது என்று அது சொல்லவில்லை. டெல்மிசார்டானுக்கு எந்த நேரமானாலும் சரி, தினமும் அதே நேரமாக இருந்தால் போதும். கால்சியத்துக்கு அப்படி விட முடியாது. அது தைராக்சினைக் குடலில் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நேரம் எழுதாமல் “தினம் 1” என்று விட்டால், காலையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று அம்மா சேர்த்துப் போட்டுக்கொள்வார். அதன் விளைவு உடனே தெரியாது. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருக்கும், டாக்டர் தைராக்சினை 75 ஆக்குவார். கோளாறு நேரத்தில் இருக்க, மருந்தின் அளவு கூடிக்கொண்டே போகும். கடையில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு விடிகாலை 5 மணிக்குத் தைராக்சின், 10 மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம் என்றால் ஐந்து மணி நேரம் கிடைக்கிறது. கால்சியம் கார்பனேட் வகை சாப்பாட்டோடு சேரும்போதுதான் நன்றாக உடம்பில் ஏறும், அதற்கும் இது பொருந்துகிறது.

இனி வைட்டமின் டி. இந்த ஒரு வரியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுத்தில் எளிமையாக இருந்தும் அதிகம் தவறிப்போவது இதுதான். சில வருடங்களுக்கு முன் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் எங்கள் கடைக்கு வந்து, “அந்தக் குளிகை தீர்ந்துபோச்சு, இன்னும் நாலு கொடுங்க” என்றார். சீட்டைப் பார்த்தால் வாரம் ஒன்று. வேறொரு கடையில் வாங்கி ஒன்பது நாள்கூட ஆகவில்லை, எட்டும் முடிந்திருந்தது. கவரில் “8 வாரம்” என்பதை “8” என்று மட்டும் எழுதியிருந்தார்கள். தினம் ஒன்று, எட்டு நாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் மீது என்ன தவறு? மற்ற எல்லா மாத்திரையும் தினசரி இருக்கும்போது ஒன்று மட்டும் வாரத்துக்கு ஒன்று என்பது மனதில் தங்காது. அவரை அன்றே டாக்டரிடம் அனுப்பினோம், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. இது உடம்பில் கொழுப்பில் தங்கும் வைட்டமின், அதிகமானதைச் சிறுநீரில் கழித்துவிட முடியாது. 60,000 யூனிட் குளிகையை வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் கூடிவிடும். வாந்தி உணர்வு, மலச்சிக்கல், அடிக்கடி தாகம், சோர்வு, குழப்பம் என்று ஆரம்பித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயதானவர்களுக்கு இவையெல்லாம் சகஜம்தானே என்று யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

ஆகவே “வாரம் ஒன்று” என்று எழுதவே எழுதாதீர்கள். கிழமையின் பெயரை எழுதுங்கள்: “ஞாயிற்றுக்கிழமை மட்டும்.” அம்மா விரதம் இருக்கும் கிழமையாக அது இருக்க வேண்டாம், இந்தக் குளிகையைக் கொஞ்சம் எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு எடுப்பது நல்லது. பிறகு எட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, அந்தத் தாளைக் குளிகை அட்டையோடு ரப்பர் பாண்டு போட்டுச் சுற்றிவிடச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் கட்டத்தில் டிக். எட்டாவது தேதிக்குப் பக்கத்தில் “இதோடு முடிந்தது, மறுபடி வாங்க வேண்டாம், டாக்டரைக் கேட்கவும்” என்று எழுதுங்கள். தினசரி மாத்திரைகள் இருக்கும் டப்பாவில் இது இருக்கவே கூடாது, சாமி அலமாரியில் இருந்தாலும் சரி, தனியாக இருக்கட்டும். இதைவிடக் கடுமையான ஒன்று உண்டு, மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட். அதுவும் வாரம் ஒருமுறை மட்டும், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்கு அது இல்லை. இதைப் படிக்கும் வேறு யாருடைய வீட்டிலாவது இருந்தால், கிழமையின் பெயரை இன்றைக்கே அட்டையின் மேல் எழுதிவிடுங்கள்.

எஸ்.ஓ.எஸ். என்ற எழுத்தைப் பார்த்ததும் படித்த பிள்ளைகள் “அவசரத்துக்கு மட்டும்” என்று எழுதி விடுகிறார்கள், கப்பலிலிருந்து வரும் ஆபத்து அழைப்பு நினைவில் இருப்பதால். அப்படி எழுதி வைத்த ஒரு வீட்டில் அந்தப் பாட்டி ஐந்து நாள் முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்தார். கேட்டால், “இது அவசரம் இல்லையே” என்றார். “தேவைப்பட்டால்” என்பதும் போதாது, சிலர் தினமும் தேவை என்று போட்டுக்கொள்வார்கள். எதற்கு, ஒரு தடவைக்கு எத்தனை, அடுத்ததற்கு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல் கூடாது, எப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். பாராசிட்டமால் 650-க்கு நான் எழுதும் வரி இப்படி இருக்கும்: “முட்டி வலியோ காய்ச்சலோ இருந்தால் 1. மறுபடி வேண்டுமென்றால் ஆறு மணி நேரம் கழித்து 1. ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து தேவைப்பட்டால் போன் செய்யவும். சளி மாத்திரையோடு சேர்த்துப் போட வேண்டாம்.” மூன்று என்பது வயதானவர்களுக்காக நான் குறைத்து வைக்கும் எண்ணிக்கை. உங்கள் டாக்டர் வேறு எண் சொன்னால் அவர் சொன்னதையே எழுதுங்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது, அதற்காகத்தான் அந்தக் கடைசி வரி.

சரி, இப்போது முழுத் தாளையும் உங்கள் அம்மாவின் நாளில் வைத்துப் பார்ப்போம். நான் எழுதினால் மருந்து மருந்தாக எழுத மாட்டேன், நேரம் நேரமாக எழுதுவேன். முதல் பத்தி: “எழுந்ததும், 5 மணி. மாத்திரை 1 (தைராய்டு), ஒன்று, தண்ணீரோடு. ஒரு மணி நேரம் கழித்துக் காபி.” இதனால் 5.30 காபி 6 மணிக்குப் போகும். பல அம்மாக்கள் இதற்கு ஒப்பமாட்டார்கள், வற்புறுத்தி எழுதி ஒட்டினால் தாளை மதிக்காமல் விட்டுவிடுவார்கள். காபி 5.30-க்கேதான் என்றால் அரை மணி இடைவெளியாவது இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால் இரவு படுக்கும்போது, கடைசி உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துத் தைராக்சினைத் தரும் முறையும் உண்டு, அதை டாக்டரிடம் கேட்டு மாற்றலாம். நீங்களாக மாற்ற வேண்டாம். இரண்டாவது பத்தி: “10 மணி, தட்டு போட்டதும். மாத்திரை 2 (சர்க்கரை, சின்னது), ஒன்று. உடனே சாப்பிட உட்காரவும். சாப்பிடாத நாளில் இதைப் போட வேண்டாம்.” மூன்றாவது: “சாப்பிட்டுக் கை கழுவியதும். மாத்திரை 3 (சர்க்கரை, பெரியது) ஒன்று, மாத்திரை 4 (பிரஷர்) ஒன்று, மாத்திரை 5 (கால்சியம்) ஒன்று.” நான்காவது: “ராத்திரி இட்லி சாப்பிட்டதும். மாத்திரை 3 மறுபடி ஒன்று.” ஐந்தாவது: “படுக்கப் போகும்போது. மாத்திரை 6 (கொழுப்பு) ஒன்று.” வைட்டமின் டி-யும் பாராசிட்டமாலும் இந்தத் தாளில் வராது, அவற்றுக்குத் தனித் தாள். 3 மணி டிபனுக்கு மாத்திரை எதுவும் இல்லை, அதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் விட்டுப்போயிற்றோ என்று நினைப்பார்.

சாப்பிடாத நாள் என்ற வரிக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருக்கும் பழக்கம் அம்மாவுக்கு உண்டா என்று கேட்டு, அந்த நாட்களில் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாளும் இதில் சேரும். தாளின் அடியில் பெரிதாக இன்னொரு வரி: “வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கவும். பிறகு ஏதாவது சாப்பிடவும். எனக்குப் போன் செய்யவும்.” அதன் கீழே உங்கள் எண், பக்கத்து வீட்டு எண், 108. கிளிமிபிரைடு நீண்ட நேரம் வேலை செய்யும். ஒருமுறை சரியானாலும் மறுபடி சர்க்கரை இறங்கலாம், அதனால் அன்றே டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். மெட்ஃபார்மின் பற்றியும் ஒன்று: எஸ்.ஆர். மாத்திரையின் கூடு சில சமயம் மலத்தில் அப்படியே வரும். மருந்து கரையவே இல்லை என்று பயந்து இரண்டாகப் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், போனில் ஒருமுறை சொல்லிவையுங்கள்.

மாத்திரைக்கு எண் கொடுத்தது ஏன் என்றால், நிறத்தை நம்ப முடியாது. “மஞ்சள் மாத்திரை” என்று எழுதினால் அடுத்த மாதம் கடையில் வேறு கம்பெனி கொடுப்பார்கள், அது வெள்ளையாக இருக்கும். அட்டையில் அச்சாகியிருப்பதும் உதவாது. “டாக்டர் சொன்னபடி” என்பதுதான் அங்கே அளவு என்று போட்டிருக்கும். எண் எழுதிய சின்ன ஸ்டிக்கரை ஒவ்வொரு அட்டையிலும் ஒட்டச் சொல்லுங்கள். புது அட்டை வந்தால் கடையில் இருப்பவரிடமே தாளைக் காட்டி, பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டு எண்ணைப் போட்டு வாங்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் எந்த மருந்தாளுநரும் செய்து தருவார். அட்டையை வெட்டிக் கொடுப்பதாக இருந்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் அம்மாவிடம் வர வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். அம்மா அதிலும் வாங்குகிறார் என்றால், கடையில் வாங்கியதும் அதுவும் ஒரே மருந்தா என்று பார்த்தே ஆக வேண்டும். பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் சாப்பிட்டு, பிரஷர் இறங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வார டப்பா வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் மூடியில் இருக்கும் ஆங்கில எழுத்தின் மேல் ஞா, தி, செ என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்காதீர்கள், “புரிஞ்சுது”தான் பதிலாக வரும். வீடியோ காலில், “நாளைக்குக் காலைல எழுந்ததிலிருந்து என்னென்ன போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க” என்று கேளுங்கள். அம்மா எடுத்துக் காட்டும்போது எங்கே கை தயங்குகிறதோ, அந்த இடத்தில் தாளின் வரியை மாற்றி எழுத வேண்டும். பத்து நாள் கழித்து மாத்திரையை எண்ணச் சொல்லுங்கள். 30 வாங்கிய தைராய்டு மாத்திரையில் 20 இருக்க வேண்டும், 60 வாங்கிய மெட்ஃபார்மினில் 40. கூட இருந்தால் விட்டுப்போகிறது, குறைந்தால் இரட்டிப்பாகப் போகிறது. திட்ட வேண்டாம், திட்டினால் அடுத்த முறை எண்ணிக்கை மட்டும் சரியாக வரும்.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தட்டச்சு செய்ததை வைத்துத்தான் இதைச் சொன்னேன், சீட்டை நான் பார்க்கவில்லை. கையெழுத்தில் ஓர் எழுத்தாவது உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் எழுதிய டாக்டரிடமோ அங்குள்ள நர்ஸிடமோ போனில் கேளுங்கள், என்னைப் போன்றவர்களின் ஊகம் வேண்டாம். அம்மாவின் சிறுநீரகம், இதயம் எப்படி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது, மேலே உள்ள நேரங்களை டாக்டரிடம் ஒருமுறை காட்டிச் சரி வாங்கிய பிறகு ஒட்டுங்கள். இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, படிப்படியாகக் குறைக்கும் ஸ்டீராய்டு இவற்றில் ஏதாவது பின்னால் சேர்ந்தால் இந்த மாதிரித் தாள் போதாது. அவற்றுக்குத் தேதி வாரியாக எத்தனை என்று டாக்டரே எழுதித் தர வேண்டும்.

தாளின் மேல் மூலையில் தேதி போடுங்கள். அடுத்த முறை டாக்டர் ஒன்றை மாற்றினால், பழைய தாளில் அடித்துத் திருத்தாமல் புதுத் தாள் எழுதி அனுப்பி, பழையதைக் கிழித்துப் போட்டதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒரு தாளும் பூஜை அறையில் இன்னொன்றும் இருந்தன. அந்தத் தாத்தா பிரஷர் மாத்திரையை ஒன்றில் இருந்தபடி காலையிலும் மற்றதில் இருந்தபடி இரவிலும் போட்டுக்கொண்டிருந்தார்.